எலுமிச்சை பித்தளையில் செய்வது ஒரு வேலை, துருவில் செய்வது இன்னொரு வேலை

கேள்வி: பித்தளைச் சாமானைப் புளி, எலுமிச்சை, வினிகர் எதைப் போட்டுத் தேய்த்தாலும் பளிச்சென்று ஆகிவிடுகிறது. ஆனால் வெள்ளைத் துணியில் பட்ட துருக்கறை எலுமிச்சைக்குப் போகிறது, வினிகருக்குச் சரியாகப் போகமாட்டேன் என்கிறது. எல்லாமே புளிப்புதானே? அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்?

பதில்:

புளிப்பு பாதிக் காரணம்தான். கறையாகப் படிந்திருக்கும் ஆக்சைடை உடைத்து உலோக அயனிகளைத் தண்ணீருக்குள் இறக்குவது அமிலத்தின் வேலை. இறங்கிய அயனி மறுபடி எங்கேயும் போய்ப் படியாமல் பிடித்து வைத்துக்கொள்வது தனி வேலை. வேதியியலில் இதற்கு அணைவு என்று பெயர். பித்தளையில் முதல் வேலை முடிந்தாலே கிட்டத்தட்ட எல்லாம் முடிந்துவிடுகிறது, அதனால் எந்தப் புளிப்பும் போதும். துருவில் இரண்டாவது வேலை நடக்காவிட்டால் கறை போகாது. எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலமும் புளியில் உள்ள டார்டாரிக் அமிலமும் இரண்டையும் செய்யும். வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலத்துக்கு முதலாவது வரும், இரண்டாவது அரைகுறை.

முதலில் பித்தளை. அது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகக் கலவை. காற்றும் ஈரமும் பட்டு மங்கும்போது உள்ளே இருக்கும் உலோகத்துக்குப் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. மேலே மிக மெல்லிய ஒரு தோல் உருவாகிறது, அவ்வளவுதான். அதில் செந்நிறமான குப்ரஸ் ஆக்சைடும், கறுப்பான குப்ரிக் ஆக்சைடும், கொஞ்சம் துத்தநாக ஆக்சைடும் இருக்கும். நாள்பட்ட ஈரத்தில் பச்சையாகப் பூக்கும் களிம்பு பெரும்பாலும் செம்பின் கார்பனேட் வகை. இவை எல்லாவற்றுக்கும் அமிலம் என்றால் ஆகாது. கறுப்பு ஆக்சைடை எடுத்துக்கொண்டால் நடப்பது இதுதான்:

CuO + 2H⁺ → Cu²⁺ + H₂O

அமிலம் தரும் ஹைட்ரஜன் அயனிகள் ஆக்சைடின் ஆக்சிஜனைத் தண்ணீராக மாற்றி எடுத்துக்கொள்கின்றன. செம்பு அயனியாகக் கரைந்து வெளியே வருகிறது. தேய்த்த புளிக்கரைசலில் லேசாகப் பச்சையோ நீலமோ தெரிந்தால் அது இந்தச் செம்புதான்.

தோலைக் கரைக்கும் அமிலம் அதற்கு அடியில் இருக்கும் உலோகத்தையும் தின்றுவிடாதா? உடனே தின்னாது. அமிலத்திலிருந்து ஹைட்ரஜனை வெளியே தள்ளும் வலு செம்புக்குக் கிடையாது. துத்தநாகத்துக்கு உண்டு, ஆனால் பித்தளைக்குள் அது செம்போடு கலந்து கிடப்பதால் தனித் துத்தநாகத்தைப் போல வேகமாகக் கரைவதில்லை. அதனால் சில நிமிடங்கள் மட்டும் வைத்தால் அமிலம் ஆக்சைடை எடுத்துவிட்டு உலோகத்தின் வாசலில் நின்றுவிடுகிறது.

கரைந்த செம்பு அயனி தண்ணீரில் அமைதியாகவே இருக்கும். புளிப்பை அளக்கும் எண் பிஎச், அது குறையக் குறையப் புளிப்பு கூடும். பிஎச் 5-ஐத் தாண்டி உயரும் வரை செம்பு ஹைட்ராக்சைடாகப் படியாது. எலுமிச்சைச் சாறின் பிஎச் சுமார் 2 முதல் 2.5 வரை, வினிகருடையதும் ஏறக்குறைய அதே அளவுதான். ஆக அந்தச் சாறுக்குள் செம்பை யாரும் பிடித்து வைக்கவே தேவையில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: அந்த அளவு புளிப்பில் சிட்ரிக் அமிலத்தின் பிடிக்கும் முனைகளில் ஹைட்ரஜனே உட்கார்ந்திருக்கும், செம்பைப் பிடிக்க இடமே இருக்காது. 'எலுமிச்சை செம்போடு அணைவு உண்டாக்குவதால்தான் பித்தளை மின்னுகிறது' என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். தேய்க்கும் நேரத்தைப் பொறுத்தவரை அது சரியல்ல, அங்கே வேலை செய்வது அமிலமே.

அணைவு எட்டிப் பார்ப்பது அலசும்போது. குழாய்த் தண்ணீர் பட்டவுடன் புளிப்பு குறைந்து பிஎச் 7 பக்கம் ஏறுகிறது. ஓரங்களிலும் வேலைப்பாட்டின் இடுக்குகளிலும் தங்கிய செம்புக் கரைசல் அங்கேயே நீலப்பச்சைப் படலமாகப் படியப் பார்க்கும். அதே நேரம் சிட்ரேட்டும் டார்டரேட்டும் தங்கள் ஹைட்ரஜனை இழந்து, பிடிக்கும் முனைகள் திறந்து, செம்பைக் கரைசலிலேயே வைத்துக்கொள்ளத் தொடங்குகின்றன. இந்தப் பிடி எவ்வளவு வலுவானது என்பதற்குப் பள்ளி ஆய்வகத்திலேயே சாட்சி இருக்கிறது. சர்க்கரையைச் சோதிக்கும் ஃபெலிங் கரைசல் கடுமையான காரத்தன்மை கொண்டது. சாதாரணமாக அந்தக் காரத்தில் செம்பு கட்டியாகப் படிந்துவிடும். அப்படிப் படியாமல் ஆழ்ந்த நீலக் கரைசலாகவே நிற்பதற்குக் காரணம் அதில் சேர்த்திருக்கும் டார்டரேட், அதாவது புளியில் இருக்கும் அதே அமிலத்தின் உப்பு. பெனடிக்ட் கரைசலில் இந்த வேலையைச் செய்வது சிட்ரேட்.

சரி, பித்தளையை எவ்வளவு நேரம் ஊற வைக்கலாம்? 5 நிமிடம், மிஞ்சினால் 10. இரவு முழுக்கப் புளியில் போட்டு வைத்தால் காலையில் பொன்னிறத்துக்குப் பதில் இளஞ்சிவப்புத் திட்டுகள் தெரியும். அழுக்கு போகவில்லை என்று நினைத்து மறுபடி புளி போடுவார்கள், சிவப்பு இன்னும் கூடும். அது அழுக்கே இல்லை, தனிச் செம்பு. அது மூன்று வழிகளில் வருகிறது. நேரம் கூடும்போது பரப்பிலிருந்து துத்தநாகம் மட்டும் மெல்லக் கரைந்து போய்ச் செம்பு மிஞ்சுகிறது. ஏற்கெனவே கரைசலில் இருக்கும் செம்பு அயனிகள் துத்தநாகத்தைக் கரைத்து அனுப்பிவிட்டு அந்த இடத்தில் தாங்கள் படிகின்றன. மூன்றாவது பலருக்குத் தெரியாதது: செந்நிறக் குப்ரஸ் ஆக்சைடு அமிலத்தில் கரையும்போது அதன் செம்பில் பாதி அயனியாகப் போகிறது, மறுபாதி உலோகச் செம்புத் தூளாக அங்கேயே நின்றுவிடுகிறது.

Cu₂O + 2H⁺ → Cu + Cu²⁺ + H₂O

இந்த மூன்றாவது வகைச் சிவப்பு ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும், நாரை வைத்து அழுத்தித் தேய்த்தால் போய்விடும். முதல் இரண்டும் அப்படிப் போகாது. மெருகேற்றும் பசையால் மேல்பரப்பைச் சீவி எடுத்தால்தான் பழைய நிறம் வரும். வெறுமனே சாறை ஊற்றி வைப்பதைவிடத் தேய்த்துக்கொண்டே இருப்பது நல்ல பலன் தருவதற்கு இதுவும் ஒரு காரணம். புளியின் சக்கையும் நாரும் இங்கே உதவுகின்றன. அவை அமிலத்தை வழிந்தோட விடாமல் பரப்பிலேயே வைத்திருக்கும், மெல்ல உரசவும் செய்யும்.

உப்பு சேர்ப்பது வீண் பழக்கமல்ல. குப்ரஸ் நிலையில் இருக்கும் செம்பைக் குளோரைடு நன்றாகப் பிடிக்கும், அதனால் செந்நிற ஆக்சைடு வேகமாகப் போகும். ஆனால் உப்பு மிச்சம் தங்கினால் அதே குளோரைடு பித்தளையைப் பிறகு மெல்ல அரிக்கும். உப்புப் போட்டுத் தேய்த்தால் நிறையத் தண்ணீரில் அலசி, உடனே துடைத்து உலர்த்திவிடுங்கள்.

எலுமிச்சைக்கு மசியாத கறுப்பும் உண்டு. காற்றில் இருக்கும் கந்தக வாயுக்களால் உண்டாகும் செம்புச் சல்பைடு இந்தப் புளிப்புக்குக் கரையாது, மெருகுப் பசைதான் வேண்டும். அலங்காரச் சாமான்களில் மேலே லாக்கர் பூச்சு இருந்தாலும் அமிலம் உலோகத்தைத் தொட முடியாது. சோதிப்பது எளிது. ஒரு மூலையில் ஒரு துளிச் சாறு வைத்து இரண்டு நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். துளி இருந்த இடம் மட்டும் வெளுத்தால் அது ஆக்சைடு, மேற்கொண்டு தேய்க்கலாம். மாற்றமே இல்லை என்றால் சல்பைடு அல்லது லாக்கர், சாறை வீணாக்க வேண்டாம்.

இனி துரு. உங்கள் கேள்வியின் மையம் இதுதான்.

துரு என்பது நீரேறிய இரும்பு ஆக்சைடு. அதில் இரும்பு மூன்று நேர்மின்சுமையோடு, Fe³⁺ ஆக இருக்கிறது. இந்த அயனிக்கும் செம்பு அயனிக்கும் குணம் முற்றிலும் வேறு. செம்பு பிஎச் 5 வரை தண்ணீரில் நிம்மதியாக இருக்கும் என்றேன். Fe³⁺ அப்படி இல்லை, பிஎச் 2, 3 என்ற கடும் புளிப்பிலேயே மறுபடி ஹைட்ராக்சைடாகப் படியத் தொடங்கிவிடும். அதாவது எலுமிச்சைச் சாறின் புளிப்பே அதற்குப் போதாது.

ஒரு கறையை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். துணியில் ஆணி பட்டு உண்டான ஒரு கறையில் 10 மில்லிகிராம் இரும்பு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி சாறு விடுகிறோம், பிஎச் 2.3 என்று கொள்வோம். சாறில் பிடிக்கும் தன்மையே இல்லை, வெறும் புளிப்பு மட்டும்தான் என்றால், அந்த 5 மில்லி எவ்வளவு இரும்பைக் கரைசலில் தாங்கும்? புதிதாகப் படிந்த இரும்பு ஹைட்ராக்சைடு எவ்வளவு கரையும் என்பதைக் காட்டும் எண்ணான கரைதிறன் பெருக்கத்தை சுமார் 3 × 10⁻³⁹ என்று எடுத்துக் கணக்கிட்டால், தனி Fe³⁺ ஆக 0.1 மில்லிகிராம்தான் வருகிறது. ஹைட்ராக்சைடு ஒட்டிய அயனிகளையும் சேர்த்தால் இரண்டு மூன்று மடங்கு ஆகலாம். எப்படிப் பார்த்தாலும் ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது. உலர்ந்து இறுகிய பழைய துரு இன்னும் குறைவாகவே கரையும். 10 மில்லிகிராமில் பெரும்பகுதி நூலிலேயே இருக்கும், கரைந்த கொஞ்சமும் தண்ணீர் பட்டவுடன் திரும்பப் படியும்.

இப்போது சிட்ரிக் அமிலத்தைக் கணக்கில் சேர்ப்போம். சாறில் அது ஏறக்குறைய 5 சதவீதம், 5 மில்லியில் 250 மில்லிகிராம். எண்ணிக்கையில் பார்த்தால் ஒவ்வொரு இரும்பு அயனிக்கும் சுமார் ஏழு சிட்ரிக் அமில மூலக்கூறுகள். ஒவ்வொரு மூலக்கூறிலும் மூன்று கார்பாக்சில் முனைகளும் நடுவில் ஒரு ஹைட்ராக்சில் முனையும் இருக்கின்றன. நண்டு தன் கொடுக்கால் இரண்டு பக்கமும் கவ்வுவதுபோல, பல முனைகளால் ஒரே அயனியைச் சுற்றி வளைத்துப் பிடிக்கிறது. இதைத்தான் பாடப்புத்தகம் கொடுக்கிணைப்பு என்கிறது. ஒரு முனை நழுவினாலும் மற்ற முனைகள் விடாது, நழுவிய முனையும் திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளும்.

செம்பைப் பிடிக்க முடியாத கடும் புளிப்பில் இரும்பை மட்டும் எப்படிப் பிடிக்கிறது? Fe³⁺ சிறிய அயனி, மின்சுமையோ மூன்று, ஆக்சிஜன் முனைகள்மேல் அதற்கு அவ்வளவு ஈர்ப்பு. சிட்ரேட்டோடு அது அமைக்கும் பிணைப்பு செம்பு அமைப்பதைவிட லட்சம் மடங்கு அளவுக்கு வலுவானது. முனையில் உட்கார்ந்திருக்கும் ஹைட்ரஜனையே பெயர்த்துத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். பெயர்ந்த ஹைட்ரஜன் அயனி அடுத்த துருவை உடைக்கப் போகிறது. பிடிக்கும் வேலை உடைக்கும் வேலைக்கு அமிலத்தைத் திருப்பித் தருகிறது. எனக்கு இந்த வேதியியலில் மிகவும் பிடித்த இடம் இதுதான். பிடிப்பட்ட இரும்பு, தனி Fe³⁺ என்ற கணக்கிலிருந்து விலகிவிடுவதால், துரு மேலும் மேலும் கரைய இடம் கிடைத்துக்கொண்டே இருக்கிறது. 10 மில்லிகிராமையும் தாங்க அந்த ஒரு தேக்கரண்டி போதும் என்று கணக்கு சொல்கிறது. அலசும்போது தண்ணீர் பட்டாலும் பிடி விடுவதில்லை.

வினிகரின் அசிட்டேட்டும் இரும்பைத் தொடும்தான். ஆனால் ஒரே ஒரு கார்பாக்சில் முனை, சுற்றி வளைக்க வழியில்லை. அதனால் கறை மங்கும், முழுதாகப் போகாது. இரும்புக் கருவிகளை வினிகரில் ஊற வைத்தால் துரு போகிறதே என்று கேட்கலாம். அங்கே துருவுக்கு அடியில் உலோக இரும்பு இருக்கிறது. அமிலம் அதைக் கொஞ்சம் கரைக்கும்போது மேலே ஒட்டியிருக்கும் துரு பிடிமானம் இழந்து உரிகிறது. உலோக இரும்பே Fe³⁺ ஐ எளிதில் கரையும் Fe²⁺ ஆகவும் மாற்றித் தருகிறது. துணியில் அந்த உதவி கிடையாது.

புளிப்பு இல்லாமல் பிடிப்பு மட்டும் இருந்தால்? அதுவும் நடப்பதுதான். மண்ணியல் ஆய்வகங்களில் களிமண்ணிலிருந்து இரும்பு ஆக்சைடை நீக்கப் பயன்படும் முறையில் சோடியம் சிட்ரேட்டோடு பைகார்பனேட்டும் டைதயோனைட்டும் சேர்ப்பார்கள். கரைசல் நடுநிலையை ஒட்டியே இருக்கும், அமிலமே இல்லை. டைதயோனைட் எலக்ட்ரானைக் கொடுத்து Fe³⁺ ஐ Fe²⁺ ஆக ஒடுக்குகிறது, சிட்ரேட் பிடித்துக்கொள்கிறது. பளிங்குக் கல்லில் பட்ட துருக்கறைக்கும் இந்த வகைக் கரைசலைத்தான் பாதுகாப்பு வல்லுநர்கள் நாடுகிறார்கள். பளிங்கு கால்சியம் கார்பனேட், எலுமிச்சை பட்டால் அதுவே அரித்துப் பளபளப்பு போய்விடும். வீட்டிலும் பளிங்குத் தரையில் சாறை விடாதீர்கள்.

ஒடுக்கத்தைப் பற்றிச் சொன்னதால், சாறு விட்டு வெயிலில் வைக்கும் பழக்கத்துக்கும் விளக்கம் கிடைக்கிறது. இரும்பைப் பிடித்த சிட்ரேட் மீது புற ஊதா ஒளியோ நீல ஒளியோ பட்டால், சிட்ரேட்டிலிருந்து ஒரு எலக்ட்ரான் இரும்புக்குத் தாவுகிறது. Fe³⁺ ஆனது Fe²⁺ ஆகிறது, சிட்ரேட் சிதைந்து கார்பன் டை ஆக்சைடு விடுகிறது. ஜான் ஹெர்ஷல் 1842-இல் கண்டுபிடித்த நீலப் புகைப்பட அச்சு முறை இதே வினையை நம்பித்தான் இயங்குகிறது, அதில் பூசுவது இரும்பு அம்மோனியம் சிட்ரேட். டைதயோனைட் செய்யும் வேலையைத் துணியில் சூரிய ஒளி செய்கிறது. சாறு ஈரமாக இருக்கும்வரைதான் இது நன்றாக நடக்கும். காய்ந்தால் கரைந்த இரும்பு நூலிலேயே தங்கிவிடும்.

செய்முறை இப்படி: கறையைத் தண்ணீரில் நனைத்து, சாறை நன்றாக ஊற விட்டு, கொஞ்சம் உப்புத் தூவி, வெயிலில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வையுங்கள். இடையிடையே சாறு விட்டு ஈரமாகவே வைத்திருங்கள். துணிக்கு எலுமிச்சைதான், புளி வேண்டாம். புளியும் இரும்பைப் பிடிக்கும், ஆனால் அதன் பழுப்பு நிறமே புதுக் கறையாகிவிடும். சாயத் துணி, பட்டு, கம்பளி என்றால் உள்மடிப்பில் சோதித்துப் பார்க்காமல் தொடாதீர்கள், வெயிலிலும் வைக்காதீர்கள்.

அலசுவதில்தான் பலர் தவறுகிறார்கள். கறை வெளுத்ததும் உடனே சோப்பில் போட்டால், சோப்பின் காரம் பிஎச்சை மேலே ஏற்றும். பிடிப்படாமல் மிச்சமிருக்கும் Fe²⁺ காற்றிலுள்ள ஆக்சிஜனால் மறுபடி Fe³⁺ ஆகி, வந்த இடத்திலேயே துருவாகப் படியும். முதலில் கொஞ்சம் சாறு கலந்த தண்ணீரில் அலசி, பிறகு வெறும் தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி, அதற்கப்புறம் சோப்பு. குளோரின் பிளீச் மட்டும் வேண்டவே வேண்டாம். அது இரும்பை ஆக்சிஜனேற்றத்தான் செய்யும், கறையை எடுக்காது. அதைவிட முக்கியம், எலுமிச்சை ஊறிய துணிமேல் பிளீச் விட்டால் நச்சான குளோரின் வாயு வெளிவரும்.

எலுமிச்சைக்குப் போகாத கெட்டியான துருவுக்குக் கடைகளில் கிடைக்கும் ஆக்சாலிக் அமிலம் கலந்த நீக்கிகள் வேலை செய்யும். ஆக்சலேட்டின் பிடி இன்னும் உறுதி, வெளிச்சத்தில் அதுவும் இரும்பை ஒடுக்கும். ஆனால் அது நஞ்சு, கையுறை போட்டுக்கொண்டு, குழந்தைகள் கைக்கு எட்டாமல் பயன்படுத்த வேண்டியது. பித்தளை துலக்கிய சாறும் குடிக்கவோ சமையலில் சேர்க்கவோ கூடாதது, அதில் கரைந்த செம்பு வாந்தியை வரவழைக்கும்.

துணி காய்ந்த பிறகு அதே இடத்தில் வெளிர் மஞ்சளோ பழுப்போ திரும்பத் தெரிந்தால் முறை தவறிவிட்டது என்று அர்த்தமில்லை. நூலுக்குள் கொஞ்சம் இரும்பு தங்கிக் காற்றில் ஆக்சிஜனேறியிருக்கிறது. இஸ்திரி போடுவதற்கு முன்பே இன்னொரு முறை சாறு விட்டு, ஈரமாக வைத்து, சாறு கலந்த தண்ணீரில் அலசிப் பாருங்கள். பெரும்பாலும் அந்த இரண்டாவது முறையிலேயே போய்விடும்.